பெருஞ்சுவரொட்டியைப் பகுத்து அச்சிடுதல்

ஜபல்பூர் நகரை ஒட்டி நருமதை ஆறு பாய்கிறது. அந்நகரிலுள்ள மத்தியப் பள்ளி ஒன்றின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள், புவியியல் கண்காட்சிக்காக அவ்வாற்றின் வரைபடம் ஒன்றைக் கணினியில் வரைந்தனர். அமர்கண்டக்கில் தோன்றி, மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், குசராத்து ஆகிய மாநிலங்களின் வழியே 1,312 கிலோமீட்டர் சென்று, பரூச்சுக்கு அப்பால் காம்பத் வளைகுடாவில் கலக்கும் ஆறு அது. பார்வையாளர் சற்றுத் தொலைவில் நின்றே ஊர்ப்பெயர்களைப் படிக்க வேண்டும் என்பதால், ஏ1 தாளின் அளவில் வரைபடம் அமைக்கப்பட்டது. அதன் அகலம் 841 மில்லிமீட்டர். உயரம் 594 மில்லிமீட்டர். ஆனால், பள்ளியில் இருந்த அச்சுப்பொறியோ ஏ4 தாளில் மட்டுமே அச்சிடும். ஆகவே, படத்தைப் பல துண்டுகளாகப் பகுத்து அச்சிட்டு, பின்னர் ஒன்றாக ஒட்ட வேண்டியதாயிற்று.

எட்டுத் தாள்கள் ஏன் போதவில்லை?

ஏ வரிசைத் தாள்களில் ஒவ்வொன்றையும் நடுவே மடித்தால் அடுத்த சிறிய தாள் கிடைக்கும். ஏ1 தாளை மடித்தால் ஏ2. அதனை மடித்தால் ஏ3. அதனையும் மடித்தால் ஏ4. எனவே, ஓர் ஏ1 தாளின் பரப்பு எட்டு ஏ4 தாள்களின் பரப்புக்குச் சமம். இதனை அறிந்திருந்த மாணவர்கள் எட்டுத் தாள்களை எடுத்து வைத்தனர். ஆனால், கணினித் திரையில் தோன்றிய முன்தோற்றம் அதைவிட மிகுதியான தாள்களைக் காட்டியது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம், தாளின் ஓரம். பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளின் விளிம்பு வரை அச்சிடுவதில்லை. உருளைகள் தாளைப் பற்றி இழுப்பதற்காக நான்கு பக்கங்களிலும் சிறிது வெள்ளை ஓரம் விடப்படுகிறது. அப்பள்ளியின் அச்சுப்பொறி ஒவ்வொரு பக்கத்திலும் 5 மில்லிமீட்டர் விட்டது. ஏ4 தாளின் அளவு 297 மில்லிமீட்டருக்கு 210 மில்லிமீட்டர். ஓரங்கள் நீங்கினால், படத்துக்கு எஞ்சுவது 287 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர் மட்டுமே.

இரண்டாம் காரணம், மேற்படிவுப் பட்டை. அடுத்தடுத்த இரு தாள்களின் விளிம்புகளை வெறுமனே நெருக்கி வைத்தால், பசை தடவ இடமிராது; மயிரிழை அளவு பிசகினாலும் நடுவே வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அதனால், படத்தின் ஒரு சிறு பகுதி இரு தாள்களிலும் அச்சிடப்படுகிறது. முதல் தாளின் வலப்பக்கத்தில் இறுதியாக உள்ள 10 மில்லிமீட்டர் படமே, இரண்டாம் தாளின் இடப்பக்கத்தில் முதலாவதாக வரும். ஒன்றன்மேல் ஒன்றாக அப்பட்டைகள் படியும்போது, கோட்டின்மேல் கோடும் எழுத்தின்மேல் எழுத்தும் அமர்கின்றன. பிசகு சிறிதாக இருந்தால் வெள்ளைக் கோடு தோன்றாது. பிசகு பெரிதாக இருந்தால் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பட்டைக்கு 10 மில்லிமீட்டர் என்பது ஏற்ற அளவு. 3 அல்லது 4 மில்லிமீட்டர் மட்டும் விட்டால் பசை பிடிக்க இடம் போதாது. 25 மில்லிமீட்டர் விட்டால் தாள்கள் வீணாவதோடு, இரட்டைத் தாளின் தடிப்பும் சுவரில் துருத்திக்கொண்டு தெரியும்.

தாள்களைக் கணக்கிடும் முறை

தாள்களைக் கிடைமட்டமாக வைத்தால், ஒரு தாளில் அச்சாகும் அகலம் 287 மில்லிமீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் முந்தைய தாளில் வந்ததே. ஆகவே, ஒவ்வொரு தாளும் படத்துக்குப் புதிதாகத் தருவது 277 மில்லிமீட்டர். முதல் தாளுக்கு மட்டும் முந்தைய தாள் கிடையாது. அது முழு 287 மில்லிமீட்டரையும் தரும். எனவே, படத்தின் அகலத்திலிருந்து 10 மில்லிமீட்டரைக் கழித்து, எஞ்சியதை 277 ஆல் வகுத்தால், ஒரு நிரையில் எத்தனை தாள்கள் வேண்டும் என்பது கிடைக்கும். 841 இலிருந்து 10 போக 831. அதனை 277 ஆல் வகுக்க, மிகச் சரியாக 3.

உயரத்துக்கும் கணக்கு அவ்வாறே. ஒரு தாளில் அச்சாகும் உயரம் 200 மில்லிமீட்டர். புதிதாகத் தருவது 190 மில்லிமீட்டர். 594 இலிருந்து 10 போக 584. அதனை 190 ஆல் வகுக்க, 3.07 வருகிறது. மூன்று நிரைகள் போதவில்லை. நான்கு நிரைகள் வேண்டும். நான்கு நிரைகளில் மூன்று மூன்று தாள்களாக, மொத்தம் பன்னிரண்டு தாள்கள்.

தாள்களை நிமிர்த்தி வைத்தால் என்னாகும் என்பதையும் மாணவர்கள் கணக்கிட்டனர். அகலத்துக்கு ஐந்து, உயரத்துக்கு மூன்று என மொத்தம் பதினைந்து தாள்கள் ஆயின. ஒரே படம், ஒரே வகைத் தாள். தாளைத் திருப்பி வைத்ததனால் மட்டுமே மூன்று தாள்கள் மிகுந்தன. ஆதலால், இரு நிலைகளையும் கணக்கிட்ட பின்னரே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

கிடைமட்ட நிலையில் வந்த 3.07 என்னும் எண் மாணவர்களைச் சிந்திக்க வைத்தது. மூன்றுக்கு மேலுள்ள அந்தச் சிறு மிச்சம் வெறும் 14 மில்லிமீட்டர் உயரமே. அதற்காகவே நான்காம் நிரையில் மூன்று தாள்கள் செலவாகின்றன. மூன்று நிரைகள் தாங்கும் உயரம் 580 மில்லிமீட்டர். படத்தை நூற்றுக்கு 97 என்னும் அளவுக்குச் சுருக்கினால், உயரம் ஏறத்தாழ 576 மில்லிமீட்டரும் அகலம் ஏறத்தாழ 816 மில்லிமீட்டரும் ஆகும். அப்போது மூன்று நிரைகளும் மூன்று நிரல்களுமாக ஒன்பது தாள்களே போதும். சுருக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மிச்சமானவை மூன்று தாள்களும் ஒரு நிரையை ஒட்டும் உழைப்பும்.

சுருக்கினால் மாறுவது எது?

ஆயினும், வரைபடத்தைச் சுருக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் மூலையில் "1 செ.மீ. = 12 கி.மீ." என்று எழுத்தில் அளவை குறிக்கப்பட்டிருந்தது. படம் சுருங்கினாலும் அவ்வெழுத்துகளின் பொருள் சுருங்குவதில்லை. 97 விழுக்காட்டில் அச்சிட்ட பின்னர், தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது உண்மையில் ஏறத்தாழ 12.4 கிலோமீட்டரைக் குறிக்கும். பார்வையாளர் ஒருவர் 50 சென்டிமீட்டர் தொலைவை அளந்து, எழுதியபடி 600 கிலோமீட்டர் என்று கொண்டால், உண்மைத் தொலைவைவிட ஏறத்தாழ 19 கிலோமீட்டர் குறைத்துக் கொண்டவராவார்.

இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. எழுத்தால் குறித்த அளவையை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாகக் கோட்டு அளவை ஒன்றை வரைய வேண்டும். 0, 50, 100 கிலோமீட்டர் எனப் பிரிக்கப்பட்ட அக்கோடு, படம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவே தானும் சுருங்கும். ஆகவே, எந்த அளவில் அச்சிட்டாலும் அது பிழையாகாது.

இணைப்பு எங்கே விழுகிறது?

தாள்களின் எண்ணிக்கை உறுதியானதும், இணைப்புகள் படத்தில் எவ்விடத்தில் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். மூன்று நிரல்கள் எனில், மேலிருந்து கீழாக இரண்டு இணைப்புகள். மூன்று நிரைகள் எனில், இடமிருந்து வலமாக இரண்டு இணைப்புகள்.

நருமதை கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்வது. வடக்கு தெற்காக அது கொள்ளும் இடம் ஏறத்தாழ ஒன்றரைப் பாகையே. அது 165 கிலோமீட்டர் அளவாகும். அச்சில் 13 அல்லது 14 சென்டிமீட்டர். நடு நிரையில் இணைப்புகளுக்கு இடையே 18 சென்டிமீட்டர் உயரம் இருந்தது. ஆகவே, மாணவர்கள் தலைப்பை மேல் நிரையிலும் விளக்கக் குறிப்புகளைக் கீழ் நிரையிலும் வைத்து, ஆறு முழுவதும் நடு நிரைக்குள் அடங்குமாறு படத்தைச் சற்று நகர்த்தினர். கிடைமட்ட இணைப்பு ஒன்றுகூட ஆற்றைத் தொடவில்லை. ஆற்றை வெட்டியவை இரண்டு செங்குத்து இணைப்புகள் மட்டுமே. ஆறு அவற்றைக் குறுக்கே கடந்ததால், அக்கோடே தாள்களைப் பொருத்த உதவும் அடையாளமாயிற்று.

ஓர் இணைப்பு, மகேஷ்வர் என்னும் ஊரின் பெயர் மீது விழுந்தது. சிறிய எழுத்துகளில் அரை மில்லிமீட்டர் பிசகும் கண்ணை உறுத்தும். ஆகவே, அவ்வூரைக் குறிக்கும் புள்ளியை அசைக்காமல், பெயரை மட்டும் புள்ளியின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாற்றினர். ஊரின் இடம் மாறலாகாது. பெயரின் இடம் மாறலாம்.

அச்சிடுதல்

படம் முதலில் பி.டி.எப். கோப்பாகச் சேமிக்கப்பட்டது. அக்கோப்பை அக்ரோபேட் ரீடர் செயலியில் திறந்து, அச்சிடும் கட்டத்தில் "Poster" என்பதைத் தேர்ந்தெடுத்தால் சில அமைப்புகள் தோன்றும். "Tile Scale" என்பது படத்தின் அளவு. அதில் 97 என்று இட வேண்டும். "Overlap" என்பது மேற்படிவுப் பட்டையின் அகலம். இங்கே அலகைப் பார்த்தே எண்ணை இட வேண்டும். கட்டம் அங்குலத்தில் கேட்குமானால், 10 மில்லிமீட்டருக்கு 0.39 என்று இடுக. மில்லிமீட்டர் என்று எண்ணி அங்குலக் கட்டத்தில் 10 என்று இட்டால், கணக்கு முழுவதும் குலைந்துவிடும். "Cut Marks" என்பதைத் தேர்ந்தால் வெட்டுக்குறிகளும், "Labels" என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு தாளும் எந்த நிரை, எந்த நிரல் என்னும் குறிப்பும் அச்சாகும்.

இவற்றை இட்டபின், முன்தோற்றத்தில் உள்ள தாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் கணக்கிட்ட எண்ணும் அதுவும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வாவிட்டால், ஓரத்தின் அளவோ பட்டையின் அளவோ தாளின் நிலையோ எண்ணியதற்கு மாறாக இருக்கிறது என்று பொருள். சில வேளைகளில் வெட்டுக்குறிகளுக்காகவும் செயலி சிறிது இடம் எடுத்துக்கொள்ளும். அப்போது படத்தை இன்னும் ஒரு விழுக்காடு சுருக்கிப் பார்க்கலாம்.

படத்தின் இடப்பக்க மேல்மூலையில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கோடு ஒன்றை முன்னரே வரைந்து வைப்பது நல்லது. முதல் தாள் வெளிவந்தவுடன் அக்கோட்டை அளக்க வேண்டும். 97 மில்லிமீட்டர் இருந்தால் அச்சு சரியானது. 94 அல்லது 93 இருந்தால், அச்சுப்பொறியின் சொந்த அமைப்பும் தாளுக்கு ஏற்பப் படத்தைச் சுருக்குகிறது என்று அறிந்து, அச்சை உடனே நிறுத்தி அவ்வமைப்பை நீக்க வேண்டும். அந்த ஒரே தாளோடு இழப்பு நிற்கும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

எந்த ஓரத்தை வெட்டுவது, எதை விடுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டால் பசைக்குரிய இடம் குறைந்துவிடும். விதி எளியது. எல்லாத் தாள்களிலும் இடப்பக்க வெள்ளை ஓரத்தையும் மேற்பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்ட வேண்டும். வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் வெட்டாமல் விட வேண்டும். கடைசி நிரலின் வலப்பக்கமும் கடைசி நிரையின் கீழ்ப்பக்கமும் சுவரொட்டியின் விளிம்புகள் ஆதலால், அவற்றை மட்டும் இறுதியில் வெட்டிக்கொள்ளலாம். கத்தரிக்கோலைவிட, இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்துத் தாள்வெட்டும் கத்தியால் கீறினால் விளிம்பு நேராக அமையும். இவ்வேலையை ஆசிரியரின் மேற்பார்வையில் செய்தல் வேண்டும்.

இவ்வாறு வெட்டிய தாளின் இடப்பக்கத்தில் படம் விளிம்பிலேயே தொடங்கும். அதனை, முந்தைய தாளின் வெட்டப்படாத வலப்பக்கத்தின்மேல் வைக்க வேண்டும். கீழ்த்தாளில் 10 மில்லிமீட்டர் படப்பட்டையும் 5 மில்லிமீட்டர் வெள்ளை ஓரமும் உள்ளன. ஆகப் பசைக்கு 15 மில்லிமீட்டர் இடம் உண்டு. அவை முழுவதும் மேல்தாளுக்கு அடியில் மறைந்துவிடும்.

பசை தடவுவதற்கு முன், இரு தாள்களையும் சன்னல் கண்ணாடியில் வைத்து ஒளிக்கு எதிரே பார்க்க வேண்டும். பட்டையிலுள்ள கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்பது தெளிவாகத் தெரியும். ஓரிடத்தில் மட்டும் பொருந்தினால் போதாது. ஒரு புள்ளியில் பொருந்திய தாள், அப்புள்ளியைச் சுற்றிச் சுழலக்கூடும். பட்டையின் மேல்முனையில் ஒரு புள்ளியும் கீழ்முனையில் ஒரு புள்ளியும் பொருந்தினால்தான் தாள் அசையாது நிற்கும். வரைபடத்தில் குறுக்கே ஓடும் அட்சக் கோடுகள் இதற்கு உதவின.

சாய்வின் விளைவைச் சிறிதென்று எண்ணலாகாது. முதல் இணைப்பில், 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1 மில்லிமீட்டர் சாய்வு நேர்ந்தது என்று கொள்வோம். இணைப்பின் அருகில் அது தெரியாது. ஆனால், அங்கிருந்து சுவரொட்டியின் வலக்கோடி வரை 54 சென்டிமீட்டர் தொலைவு உள்ளது. அக்கோடியை அடையும்போது, நிரை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மேலேறியோ கீழிறங்கியோ இருக்கும். அதன்பின் அடுத்த நிரையை அதனோடு பொருத்த இயலாது.

ஆகவே, மாணவர்கள் ஒன்பது தாள்களையும் ஒரே மூச்சில் ஒட்டவில்லை. முதலில் ஒவ்வொரு நிரையிலும் மூன்று தாள்களை ஒட்டி, மூன்று நீண்ட பட்டைகள் ஆக்கினர். ஒவ்வொரு பட்டையின் மேல்விளிம்பிலும் நீண்ட அளவுகோலை வைத்து, அது நேர்கோடாக உள்ளதா என்று பார்த்தனர். கீழ்நிரையில் சாய்வு தெரிந்தது. பசை காய்வதற்குள் அத்தாளை எடுத்து மீண்டும் பொருத்தினர். பின்னர், நடு நிரையை முதலில் கிடத்தி, அதன் மேல்விளிம்பை மேல் நிரையின் அடிப்பட்டையோடும், அதன் அடிப்பட்டையைக் கீழ் நிரையின் மேல்விளிம்போடும் இணைத்தனர். நடுவிலிருந்து தொடங்கியதால், எஞ்சிய சிறு பிசகுகள் ஒரே பக்கத்தில் சேரவில்லை.

பசையிலும் தேர்வு உண்டு. மைதாப் பசையில் நீர் மிகுதி. அந்நீரை உறிஞ்சித் தாள் விரிகிறது. காயும்போது சுருங்கிச் சுருக்கம் விழுகிறது. மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் அச்சிட்ட படமாயின் வண்ணமும் கரையக்கூடும். எனவே, குச்சிப் பசையே ஏற்றது. கீழ்த்தாளின் பட்டையில் மெல்லியதாகத் தடவி, மேல்தாளை வைத்து, நடுவிலிருந்து முனைகளை நோக்கித் துணியால் நீவி, கனமான நூல்களை அடுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும்.

ஒட்டி முடிந்த வரைபடத்தில், அமர்கண்டக்கிலிருந்து கடல் வரை ஆறு முறியாமல் ஓடியது. பார்வையாளர் ஒருவர் அருகில் வந்து விரலால் தடவிப் பார்த்த பின்னரே, அது ஒரே தாளன்று என்பதை உணர்ந்தார்.

அருஞ்சொற்பொருள்

நிரை – இடமிருந்து வலமாக அமைந்த வரிசை
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த வரிசை
மேற்படிவுப் பட்டை – அடுத்தடுத்த இரு தாள்களிலும் அச்சாகும் பொதுப்பகுதி
வெட்டுக்குறி – தாளை எங்கே வெட்ட வேண்டும் என்பதைக் காட்டும் சிறு கோடு
கோட்டு அளவை – தொலைவைக் கோட்டின் நீளத்தால் காட்டும் வரைபட அளவை
பிசகு – சிறு தவறு, விலகல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஏ1 அளவுப் படத்துக்கு எட்டு ஏ4 தாள்கள் போதாமைக்குக் காரணங்கள் யாவை?
2. எல்லாத் தாள்களிலும் வெட்ட வேண்டிய ஓரங்கள் எவை?
3. மகேஷ்வர் என்னும் பெயர் ஏன் இடம் மாற்றப்பட்டது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. வரைபடத்தில் எழுத்து அளவையைவிடக் கோட்டு அளவை சிறந்தது எவ்வாறு?
2. ஒரு புள்ளியில் மட்டும் தாள்களைப் பொருத்துவதால் விளையும் தீங்கை விளக்குக.

இ. பிரித்து எழுதுக.

தாளோரம், அவ்வெழுத்துகள், கீழிறங்கி, அக்கோடு

ஈ. கணக்கிட்டு எழுதுக.

ஏ2 அளவுப் படம் ஒன்றின் அகலம் 594 மில்லிமீட்டர். உயரம் 420 மில்லிமீட்டர். பாடத்தில் கூறிய அச்சுப்பொறியில், 10 மில்லிமீட்டர் மேற்படிவுடன் அதனை அச்சிட வேண்டும். தாளைக் கிடைமட்டமாக வைத்தால் எத்தனை தாள்கள் தேவை? நிமிர்த்தி வைத்தால் எத்தனை? இரண்டில் எதனைத் தெரிந்தெடுக்கலாம் என்பதைக் காரணத்துடன் எழுதுக.